எந்தப் போன வருடம்? ஆண்டறிக்கை வளர்ச்சி விகிதங்களின் அடி எண்ணைச் சரிபார்த்தல்

ஒரு நிறுவனத்தின் ஆண்டறிக்கையில் வளர்ச்சிச் சதவீதங்கள் எங்கெங்கே வருகின்றன என்று கவனித்தால் ஒரு விஷயம் தெரியும். தலைவரின் கடிதத்தில் வரும், இயக்குநர் குழு அறிக்கையில் வரும், நிர்வாகத்தின் ஆய்வுப் பகுதியில் வரும், பத்தாண்டுச் சுருக்க அட்டவணையில் வரும். தணிக்கையாளர் கையெழுத்திட்ட லாப நட்டக் கணக்கிலும் இருப்புநிலைக் குறிப்பிலும் மட்டும் வராது. அங்கே இருப்பவை இரண்டு பத்திகள்தான்: இந்த ஆண்டு, முந்தைய ஆண்டு. நிதி விகிதங்களைப் பற்றிய ஒரு குறிப்பைத் தவிர, "இத்தனை சதவீதம் கூடியது" என்ற பேச்சு முழுவதும் தணிக்கைக்கு உட்பட்ட பக்கங்களுக்கு வெளியே, யாரோ ஒருவர் எக்ஸெல் தாளில் போட்டுப் பார்த்துச் சேர்த்தது. தணிக்கைத் தரம் 720 அந்தப் பக்கங்களையும் படித்து, கணக்குக்கு முரணாக ஏதும் இருக்கிறதா என்று பார்க்கும்படி தணிக்கையாளரைக் கேட்கிறது. ஆனால் படித்துப் பார்ப்பது வேறு, தணிக்கை செய்வது வேறு.

கணக்கு என்னவோ எளிதுதான். இந்த ஆண்டு எண்ணிலிருந்து முந்தைய ஆண்டு எண்ணைக் கழித்து, முந்தைய ஆண்டு எண்ணால் வகுத்து, நூறால் பெருக்க வேண்டும். கழிப்பதில் யாரும் தவறுவதில்லை. எதனால் வகுப்பது என்பதில்தான் சிக்கல். "முந்தைய ஆண்டு எண்" என்பது ஒரே ஒரு எண் என்று நினைத்துக்கொண்டு வேலையைத் தொடங்குகிறோம். நடைமுறையில் ஒரே ஆண்டுக்கு, ஒரே தலைப்பின் கீழ், இரண்டு மூன்று எண்கள் அச்சில் இருக்கும். போன வருட அறிக்கையில் அச்சானது ஒன்று. அதே ஆண்டுக்கு இந்த வருட அறிக்கையின் ஒப்பீட்டுப் பத்தியில் அச்சாகியிருப்பது இன்னொன்று. முதலீட்டாளர்களுக்கான படவிளக்கத்தில் "ஒப்பிடத்தக்க வகையில்" என்று திருத்திப் போட்டது மூன்றாவது. மூன்றும் பொய்யல்ல. எதை எதோடு சேர்த்து வகுத்தார்கள் என்பதுதான் கேள்வி.

இதற்கு நான் நம்பும் வழி ஒன்றுதான்: சதவீதத்தைப் போட்டுப் பார்ப்பதைவிட, அச்சான சதவீதத்திலிருந்து அடி எண்ணைப் பின்னோக்கித் தோண்டி எடுப்பது. இந்த ஆண்டு எண்ணை, ஒன்றோடு வளர்ச்சி விகிதத்தைக் கூட்டி வரும் எண்ணால் வகுத்தால், எழுதியவர் எந்த எண்ணை அடியாக வைத்திருந்தார் என்பது கிடைத்துவிடும்.

```
அடி எண் = இந்த ஆண்டு எண் / (1 + வளர்ச்சி விகிதம்)
```

பிறகு அந்த எண் எங்கே குடியிருக்கிறது என்று தேட வேண்டும். நேரடியாகச் சதவீதத்தைப் போட்டுப் பார்த்தால் "சரி" அல்லது "தவறு" என்ற விடைதான் வரும். பின்னோக்கிப் போனால் தவறு எப்படி நேர்ந்தது என்பதும் சேர்ந்தே வரும்.

ஒரு கற்பனை நிறுவனத்தை வைத்து இதைப் பார்க்கலாம். கோயம்புத்தூரில் பம்ப் செட் தயாரிக்கும் நிறுவனம் என்று வைத்துக்கொள்வோம். கூடவே ஒரு நூற்பாலையும் அதற்கு இருந்தது. 2021-22இல் மொத்த வருவாய் 430 கோடி ரூபாய், 2022-23இல் 480 கோடி. 2023 டிசம்பரில் நூற்பாலையை விற்றுவிட்டார்கள். 2023-24 லாப நட்டக் கணக்கில் தொடரும் தொழிலின் வருவாய் 540 கோடி. தலைவரின் கடிதம் வருவாய் 12.5 சதவீதம் உயர்ந்தது என்கிறது. இயக்குநர் குழு அறிக்கை 20 சதவீதம் என்கிறது. இரண்டும் ஒரே புத்தகத்தில், பத்துப் பதினைந்து பக்க இடைவெளியில்.

540ஐ 1.125ஆல் வகுத்தால் 480. இந்த எண் இந்த ஆண்டு அறிக்கையில் எங்கும் இல்லை; போன ஆண்டு அறிக்கையில் இருக்கிறது. 540ஐ 1.20ஆல் வகுத்தால் 450. அது இந்த ஆண்டு லாப நட்டக் கணக்கின் ஒப்பீட்டுப் பத்தியில் அப்படியே இருக்கிறது. இந்தியக் கணக்கியல் தரம் 105 சொல்வது இதைத்தான்: ஒரு தொழிற்பிரிவை விற்றாலோ கைவிட்டாலோ, அதன் வருவாயையும் செலவையும் இந்த ஆண்டிலிருந்து மட்டுமல்ல, ஒப்பீட்டுக்காகக் காட்டும் முந்தைய ஆண்டிலிருந்தும் எடுத்து, நிறுத்தப்பட்ட தொழில் என்று தனி வரியில் போட வேண்டும். அப்படி நூற்பாலையின் 30 கோடியை எடுத்ததால்தான் 480 என்பது 450 ஆயிற்று. தலைவரின் கடிதத்தைத் தயாரித்தவர் போன ஆண்டு கோப்பைத் திறந்து அதிலிருந்த எண்ணை எடுத்துக்கொண்டார். ஆலை இல்லாத வருவாயை ஆலையோடு சேர்ந்த வருவாயால் வகுத்துவிட்டார். ஆண்டு சரியான ஆண்டு, எண் பழைய எண். ஆகவே 20 சதவீதமே சரி.

அப்படியென்றால் ஒப்பீட்டுப் பத்தியை மட்டுமே நம்பினால் போதுமா? போதாது. அதே புத்தகத்தின் பத்தாண்டுச் சுருக்கத்தைப் பாருங்கள். 2021-22க்கு 430, 2022-23க்கு 450, 2023-24க்கு 540. கடைசி இரண்டு எண்களைக் கணக்குப் புத்தகத்திலிருந்து புதிதாகப் போட்டுவிட்டு, அதற்கு முந்தையவற்றை அப்படியே விட்டுவிட்டார்கள். மறுபடி காட்டச் சொல்லும் விதி, அறிக்கையில் ஒப்பீட்டுக்காகக் காட்டப்படும் ஆண்டுகளோடு நின்றுவிடுவதால் இப்படி நேர்வது வழக்கம்தான். இந்த அட்டவணையை வைத்து 2022-23இன் வளர்ச்சியைப் போட்டால் 4.7 சதவீதம் வரும். அப்போது உண்மையில் நடந்தது என்ன? ஆலையோடு சேர்த்துப் பார்த்தால் 430இலிருந்து 480, அதாவது 11.6 சதவீதம். ஆலை இல்லாமல் பார்க்க வேண்டுமானால் 2021-22இல் ஆலையின் பங்கு தெரிய வேண்டும். அது அந்த ஆண்டின் பழைய அறிக்கையில், தொழிற்பிரிவு வாரியான தகவல் குறிப்பில் இருக்கும். அங்கே 35 கோடி என்று இருந்தால், பம்ப் பிரிவு 395இலிருந்து 450க்குப் போயிருக்கிறது; 13.9 சதவீதம். (பிரிவுகளுக்குள் நடந்த உள்விற்பனை இருந்தால் அதையும் கழித்த பிறகு.) 11.6, 13.9 இரண்டுக்கும் அர்த்தம் உண்டு. 4.7க்கு எந்த அர்த்தமும் இல்லை. ஆலை இல்லாத எண்ணை ஆலை உள்ள எண்ணால் வகுத்தது அது. ஆனால் கூட்டல் கழித்தலில் பிழை இல்லாததால், அட்டவணையை மட்டும் வைத்துச் சரிபார்ப்பவருக்கு அது பிழையே இல்லாதது போலத் தோன்றும்.

பத்தாண்டு அட்டவணைகளில் எனக்கு எப்போதும் ஒரு சந்தேகம் இருப்பதற்கு இதுதான் காரணம். எந்த ஆண்டுக்குக் கீழே கோடு போட்டு "இதற்கு மேல் மறுவகைப்படுத்தப்பட்டவை" என்று அடிக்குறிப்பு எழுதியிருக்கிறார்கள் என்று முதலில் தேடுவேன். அடிக்குறிப்பே இல்லாத அட்டவணையைவிட, எல்லாத் தொழிலையும் வாங்கி விற்று மாற்றிய பிறகும் அடிக்குறிப்பு இல்லாத அட்டவணைதான் கவலை தருவது.

இதில் ஓர் உப கதையும் உண்டு. தரம் 105 லாப நட்டக் கணக்கின் முந்தைய ஆண்டைத் திருத்தச் சொல்கிறது. இருப்புநிலைக் குறிப்பின் முந்தைய ஆண்டைத் திருத்தச் சொல்லவில்லை. ஆண்டு முடிவில் ஆலை இன்னும் விற்காமல், விற்பனைக்கு வைத்திருக்கும் நிலையில் இருந்தால், இந்த ஆண்டு அதன் சரக்கிருப்பும் வரவேண்டிய பாக்கியும் தனி வரிக்குப் போய்விடும். முந்தைய ஆண்டுப் பத்தியில் அவை பழைய இடத்திலேயே இருக்கும். "சரக்கிருப்பை 18 சதவீதம் குறைத்தோம்" என்று நிர்வாகம் பெருமையாக எழுதும்போது, குறைந்தது சரக்கா அல்லது வரியா என்று பார்க்க வேண்டியிருக்கிறது. ஒரே அறிக்கையில் வருவாயின் அடி எண் திருத்தப்பட்டதாகவும் சொத்தின் அடி எண் திருத்தப்படாததாகவும் இருக்க முடியும் என்பதை நினைவில் வைப்பவர்கள் குறைவு.

தொழிலை விற்பதற்கு நேர் எதிரான நிகழ்வு இணைப்பு. இங்கே விதி இரண்டாகப் பிரிகிறது. ஒரே குழுமத்துக்குள் இருக்கும் இரண்டு நிறுவனங்கள் இணைந்தால், தரம் 103இன் பின்னிணைப்பு சி, முந்தைய ஆண்டின் தொடக்கத்திலிருந்தே அவை ஒன்றாக இருந்தது போல ஒப்பீட்டு எண்களைத் திருத்தச் சொல்கிறது. வெளியாளை வாங்கினால் வாங்கிய நாளிலிருந்துதான் சேர்ப்பார்கள், முந்தைய ஆண்டு மாறாது. வங்கிகள் இன்னும் பழைய கணக்கியல் தரங்களில்தான் இருக்கின்றன என்றாலும், பலன் அங்கேயும் இதேதான். எச்டிஎஃப்சி நிறுவனம் எச்டிஎஃப்சி வங்கியோடு 2023 ஜூலை 1 அன்று இணைந்தது. 2024 மார்ச் இறுதியில் வங்கியின் கடன்தொகை முந்தைய ஆண்டைவிடச் சுமார் 55 சதவீதம் கூடியிருந்தது. கணக்கில் பிழையில்லை; அடி எண்ணில் வீட்டுக் கடன் நிறுவனம் இல்லை, மேலே இருக்கிறது. முந்தைய ஆண்டு எண்களோடு ஒப்பிட முடியாது என்று வங்கியே குறிப்பிட்டது. அந்தக் குறிப்பை விட்டுவிட்டு சதவீதத்தை மட்டும் எடுத்துக்கொண்டு போய் வேறு வங்கிகளின் பக்கத்தில் வைக்கும் தொழில்துறை அறிக்கைகளில்தான் பிழை பிறக்கிறது.

இனி எக்ஸெல் தாளுக்கு வருவோம். நிறுவனங்கள் சட்டத்தின் மூன்றாவது அட்டவணை தரும் வடிவத்தில் இந்த ஆண்டுப் பத்தி இடப்பக்கம், முந்தைய ஆண்டு வலப்பக்கம். ஆனால் நாம் போடும் வரைபடமும் மேலாண்மை அறிக்கையும் இடமிருந்து வலமாகப் பழையதிலிருந்து புதியதற்குப் போகும். கணக்கு அறிக்கையிலிருந்து இரண்டு பத்திகளையும் அப்படியே எடுத்து ஒட்டி, வழக்கமான வாய்பாட்டைப் போட்டால் என்ன ஆகும் என்று பாருங்கள். இந்த ஆண்டு 125, முந்தைய ஆண்டு 100. B பத்தியில் 125 உட்கார்ந்துவிட்டது, C பத்தியில் 100.

```
=(C5-B5)/B5     →  -20%
=(B5-C5)/B5     →   20%
=(B5-C5)/C5     →   25%
```

முதல் வரியில் கழித்தல் குறி வந்ததும் போட்டவருக்குத் தெரிந்துவிடும், ஏதோ மாறிப்போயிற்று என்று. விற்பனை கூடியிருக்கிறது, குறைவு என்று காட்டுகிறதே! உடனே மேலே இருக்கும் இரண்டையும் இடம் மாற்றுவார். குறி சரியாகிவிடும், மனமும் சரியாகிவிடும். கீழே வகுக்கும் எண் இன்னும் இந்த ஆண்டாகவே இருக்கிறது. இதுதான் இரண்டாம் வரி. நடப்பு ஆண்டால் வகுக்கும் தவறு அறியாமையால் வருவது என்று பலரும் நினைக்கிறார்கள். பாதி திருத்தப்பட்ட தவறாக வருவதையே நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

இந்தத் தவறு எப்போதும் வளர்ச்சியைக் குறைத்தே காட்டும். பத்து சதவீத வளர்ச்சி 9.1 ஆகும், இருபத்தைந்து இருபதாகும், நூறு ஐம்பதாகும். இறங்குமுகத்தில் இது எதிராக வேலை செய்யும்: இருபது சதவீத வீழ்ச்சி இருபத்தைந்தாகத் தெரியும். வளர்ச்சி சிறிதாக இருக்கும்போது வித்தியாசம் கண்ணில் படாது, அதனால் வருவாய் வரியில் தப்பித்துக்கொண்டு, பெரிய மாற்றம் உள்ள வேறொரு வரியில் வெளிப்படும். சந்தேகம் வந்தால் அட்டவணையிலேயே பெரிய சதவீதத்தை எடுத்து முதலில் தோண்டிப் பார்ப்பது நேரத்தை மிச்சப்படுத்தும். பின்னோக்கி எடுத்த அடி எண் எங்குமே கிடைக்கவில்லை என்றால், வேறுபாட்டை அந்தச் சதவீதத்தால் வகுத்துப் பாருங்கள். விடை இந்த ஆண்டு எண்ணாகவே வந்தால் ஐயமில்லை.

குறைத்துக் காட்டுவதில் யாருக்கு என்ன லாபம் என்று கேட்கலாம். வருவாயில் லாபமில்லை. ஆனால் மூன்றாவது அட்டவணை கேட்கும் நிதி விகிதங்களின் குறிப்பில் ஒரு வரம்பு இருக்கிறது: முந்தைய ஆண்டைவிட 25 சதவீதத்துக்கு மேல் மாறிய விகிதங்களுக்கு விளக்கம் எழுத வேண்டும். பட்டியலிடப்பட்ட நிறுவனங்களுக்கு செபியும் ஆண்டறிக்கையின் ஆய்வுப் பகுதியில் 25 சதவீதமோ அதற்கு மேலோ மாறிய முக்கிய விகிதங்களுக்கு விளக்கம் கேட்கிறது. கடன்-பங்கு விகிதம் 1.00இலிருந்து 1.30 ஆனால் மாற்றம் 30 சதவீதம். விளக்கம் எழுதியாக வேண்டும். நடப்பு ஆண்டால் வகுத்தால் 23.1 சதவீதம், எழுத வேண்டாம். மூன்றில் ஒரு பங்கு, அதாவது 33.3 சதவீதம் வரை உயர்ந்த எந்த விகிதமும் இந்த ஓட்டை வழியாக நழுவிவிடும். வேண்டுமென்றே செய்தார்கள் என்று சொல்ல வரவில்லை. ஆனால் சரிபார்ப்பவர் வருவாய் வளர்ச்சியோடு நிறுத்திக்கொண்டு இந்தக் குறிப்பைப் பார்க்காமல் விட்டால், அடி எண் பிழையால் சட்டப்படியே ஒரு விளைவு நேரும் ஓரிடத்தை விட்டுவிட்டார் என்று அர்த்தம்.

காலாண்டு முடிவுகளில் பத்திகளின் வரிசை இன்னொரு பொறி. செபி வகுத்த வடிவத்தில் முதல் பத்தி இந்தக் காலாண்டு, இரண்டாவது அதற்கு முந்தைய காலாண்டு, மூன்றாவதுதான் சென்ற ஆண்டின் இதே காலாண்டு. ஆண்டறிக்கையில் "பக்கத்துப் பத்தி முந்தைய ஆண்டு" என்று பழகிய கை, இங்கும் பக்கத்துப் பத்தியை எடுத்துவிடும். ஆண்டுக்கு ஆண்டு வளர்ச்சி என்ற தலைப்பின் கீழ் காலாண்டுக்குக் காலாண்டு வளர்ச்சி அச்சாகிவிடும். பம்ப் செட், மின்விசிறி, பட்டாசு, ஜவுளி மாதிரி பருவத்தோடு போகும் தொழில்களில் இது உடனே விகாரமாகத் தெரியும். மென்பொருள் மாதிரி சீராக ஓடும் தொழிலில் 3 சதவீதம், 4 சதவீதம் என்று நம்பும்படியே வந்து நிற்கும்.

ஆண்டின் நீளத்தைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை, ஏனென்றால் ஆண்டு என்றால் பன்னிரண்டு மாதம். நெஸ்லே இந்தியா நீண்ட காலம் ஜனவரி முதல் டிசம்பர் வரையிலான ஆண்டைப் பின்பற்றியது. ஏப்ரல்-மார்ச்சுக்கு மாறியபோது, 2023 ஜனவரி 1 முதல் 2024 மார்ச் 31 வரையிலான பதினைந்து மாதங்களை ஒரே நிதியாண்டாக எடுத்துக்கொண்டது. ஒரு பாக்கெட்கூடக் கூடுதலாக விற்காவிட்டாலும், பதினைந்து மாதத்தைப் பன்னிரண்டால் வகுத்தால் 25 சதவீத வளர்ச்சி தானாக வரும். அடுத்த ஆண்டு பன்னிரண்டைப் பதினைந்தால் வகுக்கும்போது 20 சதவீத வீழ்ச்சி தானாக வரும். இதைச் சரிசெய்ய பதினைந்தை ஐந்தில் நான்காகச் சுருக்குவது அரைகுறை வேலை. கூடுதலாக வந்தது எந்த மூன்று மாதம் என்பது முக்கியம். காலாண்டு முடிவுகள் வெளியாகியிருப்பதால், 2023 ஏப்ரலில் தொடங்கும் நான்கு காலாண்டுகளைக் கூட்டி மேலே வைத்து, 2022 ஏப்ரலில் தொடங்கும் நான்கைக் கூட்டிக் கீழே வைக்கலாம். இரண்டு பக்கமும் அதே மாதங்கள். தரவுத் தளங்களிலிருந்து ஆண்டு எண்களை இறக்கி, ஐம்பது நிறுவனங்களுக்கு ஒரே வாய்பாட்டை இழுத்துவிடும் ஆய்வாளரின் தாளில் இந்த ஒரு வரி அப்படியே 25 சதவீத வீக்கத்தோடு உட்கார்ந்திருக்கும். தலைப்பில் காலம் முடியும் தேதி மட்டும் இருக்குமே தவிர, எத்தனை மாதம் என்று இருக்காது.

மாதவாரி அறிக்கைகளில் இதே சிக்கல் சிறு அளவில் வருகிறது. 2023இல் தீபாவளி நவம்பர் 12, 2024இல் அக்டோபர் 31. வாகன விற்பனையாளரின் அக்டோபர் 2024 அறிக்கைக்கு அக்டோபர் 2023தான் முறையான அடி, ஆனால் அந்த அடியில் பண்டிகை விற்பனையின் பெரும்பகுதி இல்லை. நவம்பரில் இதற்கு நேர்மாறு. இரண்டு மாதங்களையும் சேர்த்துப் போட்டால் சிக்கல் தீர்ந்துவிடும், அனுபவமுள்ளவர்கள் அப்படித்தான் செய்கிறார்கள்.

அடி எண்ணின் காலமும் நீளமும் தொழிலும் மாறாமல், அளக்கும் முறை மட்டும் மாறினால்? 2017 ஜூலை 1 இதற்கு நல்ல உதாரணம். ஜிஎஸ்டிக்கு முன் உற்பத்தி நிறுவனங்கள் கலால் வரியையும் சேர்த்தே வருவாயைக் காட்டின. வரி செலவுப் பக்கத்தில் போகும். ஜிஎஸ்டி வந்த பிறகு அந்த வரி வருவாயில் சேர்வதே இல்லை. விலை நூறு ரூபாய், கலால் வரி அப்போதைய பொது விகிதமான 12.5 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், ஒரு பொருளை விற்றதற்கு முன்பு 112.50 ரூபாய் வருவாய், பின்பு 100 ரூபாய். இனி 2017-18ஐப் பாருங்கள்: முதல் காலாண்டு பழைய முறை, மீதி மூன்று புதிய முறை. விற்பனை அணுவளவும் மாறாமலே ஆண்டு வருவாய் 112.5இலிருந்து ஏறக்குறைய 103.1க்கு இறங்கும், 8.3 சதவீத வீழ்ச்சி. அதோடு முடியவில்லை. 2018-19இல் முழு ஆண்டும் புதிய முறை, அடி ஆண்டில் கால்வாசி பழைய முறை. மறுபடி 3 சதவீத வீழ்ச்சி. ஒரு நாளில் நடந்த மாற்றம் இரண்டு ஆண்டுகளின் வளர்ச்சி விகிதங்களைக் கெடுத்தது. அப்போது நிறுவனங்கள் கலால் வரி நீக்கிய வருவாய் என்று அடிக்குறிப்பில் ஒரு வரி கொடுத்தன. அந்த ஆண்டுகளைத் தாண்டிப் போகும் எந்த நீண்டகால வளர்ச்சிக் கணக்கும் அந்த அடிக்குறிப்பு வரியிலிருந்துதான் அடி எண்ணை எடுத்திருக்க வேண்டும். எடுத்திருக்கிறார்களா என்பதைப் பின்னோக்கிய வகுத்தல் ஒரு நிமிடத்தில் சொல்லிவிடும்.

பல ஆண்டு அட்டவணைக்கு இன்னொரு சோதனையும் கைகொடுக்கும். ஒவ்வோர் ஆண்டின் வளர்ச்சியோடும் ஒன்றைக் கூட்டி, எல்லாவற்றையும் வரிசையாகப் பெருக்க வேண்டும். வரும் விடை, கடைசி ஆண்டு எண்ணை முதல் ஆண்டு எண்ணால் வகுத்ததற்குச் சமமாக இருக்க வேண்டும். இல்லையென்றால் நடுவில் எங்கோ ஓர் அடி எண் மாறியிருக்கிறது. எக்ஸெலில் $B$5 என்று டாலர் குறி போட்டுப் பூட்டிய கட்டத்தை மறந்து வாய்பாட்டை இழுத்துவிட்டு, எல்லா ஆண்டுகளையும் முதல் ஆண்டோடு ஒப்பிட்டவர்கள் இந்தச் சோதனையில் உடனே மாட்டுவார்கள். நமது பம்ப் நிறுவனத்தில் தலைவர் சொன்ன 12.5ஐயும், அதற்கு முந்தைய ஆண்டுக்கு அட்டவணை காட்டிய 4.7ஐயும் சேர்த்துப் பெருக்கினால் 1.177 வரும், 540ஐ 430ஆல் வகுத்தால் 1.256. சங்கிலி அறுந்த இடம் 2022-23 என்பது, அந்த ஆண்டுக்கு மட்டும் இரண்டு எண்கள் புழங்குவதால் தெரிகிறது.

சிறு வேறுபாட்டையெல்லாம் பிழை என்று துரத்தவும் கூடாது. அச்சில் 412 கோடி, 365 கோடி என்று முழு எண்ணாக இருந்தால் வளர்ச்சி 12.9 சதவீதம். ஆனால் 412 என்பது 411.5க்கும் 412.5க்கும் இடையில் எதுவாகவும் இருக்கலாம், 365உம் அப்படித்தான். இரண்டு ஓரங்களையும் வைத்துப் போட்டால் 12.6இலிருந்து 13.2 வரை இடம் கிடைக்கிறது. அறிக்கை 13.1 என்றால் விட்டுவிடலாம், 12.4 என்றால் வேறு அடி இருக்கிறது. சிறிய எண்களில் இந்த இடைவெளி விரிந்துகொண்டே போகும்: 2.4 கோடி 3.2 கோடியானது என்றால் 29இலிருந்து 38 சதவீதம் வரை எதையும் மறுக்க முடியாது.

அடி எண் எதிர்மறையாக இருந்தால் பேச்சே வேறு. 8 கோடி நட்டம் 12 கோடி நட்டமானால் வாய்பாடு 50 சதவீத வளர்ச்சி என்று சொல்லும். 8 கோடி நட்டம் 4 கோடி லாபமானால் கழித்தல் 150 சதவீதம் என்று சொல்லும். அங்கே சதவீதம் போடாமல் ரூபாயில் எழுதுவதே முறை.

நிர்வாகத்தின் ஆய்வுப் பகுதி பெரும்பாலும் நாட்டின் பொருளாதாரத்தைப் பற்றிய இரண்டு பத்திகளோடுதான் தொடங்கும். அங்கேயும் அடி எண் பிழை பதுங்கியிருக்கும். 2020 ஏப்ரல்-ஜூன் காலாண்டின் மொத்த உள்நாட்டு உற்பத்தி முதலில் 26.90 லட்சம் கோடி ரூபாய் என்று வெளியானது. முந்தைய ஆண்டின் 35.35 லட்சம் கோடியோடு ஒப்பிட்டு 23.9 சதவீத வீழ்ச்சி. ஓராண்டு கழித்து, 2021 ஆகஸ்ட் இறுதியில் வந்த அறிக்கையில் அதே காலாண்டுகள் 26.95, 35.66 என்று திருத்தப்பட்டிருந்தன, வீழ்ச்சி 24.4 ஆயிற்று. புதிய காலாண்டு 32.38 லட்சம் கோடி, வளர்ச்சி 20.1 சதவீதம். பழைய கோப்பிலிருந்த 26.90ஐ எடுத்து வகுத்திருந்தால் 20.4 வந்திருக்கும். இந்த இரண்டு சதவீதங்களில் ஒன்று அதிகாரப்பூர்வமானது, மற்றது யாரும் வெளியிடாதது. பம்ப் நிறுவனத்தின் 480க்கும் 450க்கும் நடந்த அதே கதைதான், அளவு மட்டும் பெரிது.

இதே அறிக்கைகளில் "அடிப்படை ஆண்டு 2011-12" என்று ஒரு வரி இருந்தது. அது விலைகளை எந்த ஆண்டின் மட்டத்தில் வைத்து அளந்தார்கள் என்பதைச் சொல்வது. வளர்ச்சியை எதனோடு ஒப்பிட்டார்கள் என்பதல்ல. 20.1 சதவீதம் 2011-12ஐவிடக் கூடியது என்று எழுதியவர்களும் உண்டு.

அந்த 20.1இல் அடி ஆண்டும் சரி, எண்ணின் பதிப்பும் சரி, நீளமும் சரி. இருந்தும் பொருளாதாரம் 2019இன் அதே காலாண்டைவிட 9.2 சதவீதம் கீழேதான் இருந்தது. ஊரடங்குக் காலத்தை அடியாகக் கொண்டால் எதுவும் வளர்ச்சியாகத் தெரியும். 2020 ஏப்ரலில் மாருதி சுசுகியின் உள்நாட்டு விற்பனை பூஜ்யம். 2021 ஏப்ரலுக்குச் சதவீதமே போட முடியாது. அந்த ஆண்டில் பல நிறுவனங்கள் இரண்டு ஆண்டு முன்னைய எண்ணோடு ஒப்பிட்டன, அது நியாயமும்கூட. ஆனால் லாபத்துக்கு 2019-20ஐயும் விற்பனைக்கு 2020-21ஐயும் அடியாக வைத்து, ஒரே பத்தியில் கலந்து எழுதியவர்களை எந்தக் கணக்கில் சேர்ப்பது? சரிபார்ப்பவர் அங்கே கேட்க வேண்டியது, எந்த அடியைத் தேர்ந்தார்கள் என்பதைவிட, எல்லா வரிக்கும் ஒரே அடியைத் தேர்ந்தார்களா என்பது.

வெளியிலிருந்து சரிபார்க்கவே முடியாத ஒரு வகையும் இருக்கிறது. மென்பொருள் நிறுவனங்கள் ஒவ்வொரு காலாண்டிலும் நாணய மாற்றத்தை நீக்கிய வளர்ச்சி என்று ஒரு சதவீதம் தருகின்றன. பவுண்டிலும் யூரோவிலும் வந்த இந்த ஆண்டு வருவாயை, சென்ற ஆண்டின் மாற்று விகிதத்திலேயே டாலராக்கிப் பார்க்கும் எண் அது. இங்கே அடி எண் அச்சில் இருக்கிறது, ஐயமில்லாமல் சென்ற ஆண்டின் வருவாய்தான். மேலே இருக்கும் எண்தான் எந்தக் கணக்குப் புத்தகத்திலும் இல்லை. அடி எண்ணை ஒன்றோடு வளர்ச்சியைக் கூட்டிய எண்ணால் பெருக்கி அந்த மறைந்த எண்ணை வரவழைக்கலாம். வெளியான வருவாயிலிருந்து அதைக் கழித்தால், நாணய மாற்றத்தால் கூடியதோ குறைந்ததோ எவ்வளவு என்று நிறுவனம் சொல்ல வருவது கிடைக்கும். அந்தத் தொகை அந்த ஆண்டில் பவுண்டும் யூரோவும் ஏறி இறங்கிய திசையோடு ஒத்துப்போகிறதா, நிறுவனத்தின் ஐரோப்பிய வருவாய்ப் பங்குக்கு ஏற்ற அளவில் இருக்கிறதா என்று பார்க்கலாம். அதற்கு மேல் தெரிந்துகொள்ள, எந்தெந்த நாணயத்தில் எவ்வளவு பில் போட்டார்கள், எந்த மாதச் சராசரி விகிதத்தைப் பயன்படுத்தினார்கள் என்ற தாள் வேண்டும். அது நிறுவனத்தின் நிதிப் பிரிவிடம்தான் இருக்கும்.